ஆடிட்டர் இணையதளத்தில் எதைப் போடலாம், எதைப் போட்டால் வம்பு?

கேள்வி: "திருப்பூரில் மூன்று வருடமாகத் தனியாக பிராக்டிஸ் செய்கிறேன். வெப்சைட் ஒன்று போடலாம் என்று ஒரு டிசைனரிடம் கேட்டேன். அவர் காட்டிய டெமோவில் கிளையன்ட் கம்பெனிகளின் லோகோ, பாராட்டு வாசகங்கள், '500+ திருப்தியான வாடிக்கையாளர்கள்' என்று ஓடுகிற எண், கட்டணப் பட்டியல் எல்லாம் இருந்தது. என் சீனியர் பார்த்துவிட்டு 'இதைப் போட்டால் இன்ஸ்டிட்யூட்டில் இருந்து நோட்டீஸ் வரும்' என்கிறார். எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது பெயரும் முகவரியும்தான். அதற்கு எதற்கு வெப்சைட்? நம்பிக்கை வருகிற மாதிரியும் இருக்க வேண்டும், விதியும் மீறக் கூடாது. என்னதான் போடலாம்?"

உங்கள் சீனியர் சொன்னது சரி. ஆனால் பெயரும் முகவரியும்தான் மிஞ்சும் என்று நீங்கள் முடிவு கட்டியது சரியில்லை. இருபத்திரண்டு வருடமாக கோயம்புத்தூரில் பிராக்டிஸ் செய்கிறேன். இதுவரை இரண்டு தளங்கள் போட்டேன். முதலாவதை நானே கழற்றி எறிந்தேன். ஏன் என்பது பின்னால் வரும். இதை 2024 அக்டோபரில் எழுதுகிறேன். 2020 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த இன்ஸ்டிட்யூட் நெறிமுறைத் தொகுப்பின் 12வது பதிப்பை வைத்துத்தான் பேசுகிறேன். இந்த வழிகாட்டுதல்களை இன்ஸ்டிட்யூட்டின் பேரவை அவ்வப்போது திருத்தும். தளத்தைத் திறக்கும் வாரத்தில் நடப்புப் பதிப்பின் இரண்டாம் தொகுதியை எடுத்து, வெப்சைட் பற்றிய பகுதியை ஒருமுறை படித்துவிடுங்கள். பத்துப் பதினைந்து நிமிட வேலை.

விதி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். பட்டயக் கணக்காளர் சட்டம் 1949. அதன் முதல் அட்டவணை, முதல் பகுதியில் 6வது, 7வது கூறுகள்தான் நமக்கு வேண்டியவை. சுற்றறிக்கை, விளம்பரம், நேரடித் தொடர்பு என எந்த வழியிலும் வேலை தேடிப் போகக் கூடாது என்கிறது ஆறாவது. தகுதியையும் சேவையையும் விளம்பரப்படுத்தக் கூடாது, 'சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட்' தவிர வேறு பட்டத்தைத் தொழில் ஆவணங்களில் போட்டுக்கொள்ளக் கூடாது என்கிறது ஏழாவது. 2006ல் வந்த திருத்தம் இதில் ஒரு சின்னக் கதவைத் திறந்தது. பேரவை வகுக்கும் வழிகாட்டுதலுக்கு உட்பட்டு, என்னென்ன சேவை தருகிறோம் என்று ஒரு எழுத்துக் குறிப்பு வெளியிடலாம். அதற்கான வழிகாட்டுதல் 2008ல் வந்தது. எழுத்தின் அளவு 14 புள்ளிக்கு மேல் போகக் கூடாது என்பது வரை அதில் இருக்கிறது. வெப்சைட்டுக்கு வேறு ஒரு வழிகாட்டுதல். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். '14 புள்ளி' என்பது அந்தக் குறிப்புக்கு உரியது. வெப்சைட்டுக்கு இன்ன வடிவம், இன்ன நிறம் என்ற கட்டுப்பாடே கிடையாது.

வெப்சைட் விதியின் உயிர் ஒரே சொல்லில் இருக்கிறது: 'புல்'. 'புஷ்' இல்லை. உங்களைத் தேடி வருகிறவன் தானாகக் கதவைத் தட்ட வேண்டும். தட்டிய பிறகு நீங்கள் பேசலாம். தெருவில் நின்று கூவக் கூடாது. தளத்தில் இருப்பதை மெயிலிலோ வேறு வழியிலோ நீங்களாக அனுப்பக் கூடாது, 'எங்கள் தளத்தைப் பாருங்கள்' என்று அழைக்கவும் கூடாது. லெட்டர்ஹெட்டிலும் விசிட்டிங் கார்டிலும் தள முகவரியைப் போட்டுக்கொள்ளலாம். எதில் சந்தேகம் வந்தாலும், யார் முதலில் அசைந்தது என்று கேட்டுப் பாருங்கள். வந்தவர் கிளிக் செய்து கேட்டாரா, நாம் போய் அவர் முன்னால் நீட்டினோமா? பெரும்பாலான சந்தேகங்கள் இந்த ஒரு கேள்வியில் தீர்ந்துவிடும்.

இப்போது உங்கள் டிசைனரின் டெமோவுக்கு வருவோம். கிளையன்ட் லோகோ வரிசை போக வேண்டும். கிளையன்ட் பெயரோ, வாங்கிய கட்டணமோ தளத்தில் வரக் கூடாது என்று எழுத்திலேயே இருக்கிறது. 'கிளையன்ட்டே சரி என்கிறாரே' என்பார் டிசைனர். அவர் சம்மதம் இங்கே உதவாது. ஏதாவது ஒரு ஒழுங்குமுறை அமைப்பு கட்டாயமாகக் கேட்டால் மட்டும் விலக்கு உண்டு. அப்போதும் எந்த அமைப்பு, எந்த விதியின்கீழ் கேட்டது என்று அந்த விவரத்துக்குக் கீழேயே எழுத வேண்டும். நம்மைப் போன்ற சின்ன ஆபீசுக்கு அந்த நிலை வராது. பாராட்டு வாசகமும் போக வேண்டும். '500+' என்று ஓடும் எண்ணும் அப்படித்தான். அது உண்மையாகவே இருந்தாலும், 'நான் பெரியவன்' என்று சொல்வதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. 'முன்னணி', 'நம்பர் 1', 'மிகச் சிறந்த', 'நிபுணர்கள்' எல்லாம் அதே ரகம். கட்டணப் பட்டியலைப் பொறுத்தவரை என் கருத்து: விதியில் தடுத்திருப்பது வாங்கிய கட்டணத்தைச் சொல்வதை, ஆனால் '999 ரூபாய்க்கு ரிட்டர்ன்' என்ற பலகை சொலிசிடேஷன் இல்லை என்று வாதாட எனக்கு வாய் வராது. எடுத்துவிடுங்கள்.

டெமோவில் நீங்கள் கவனிக்காமல் விட்டிருக்கக் கூடிய இன்னொன்று, இடது மூலையில் டிசைனர் வரைந்து தரும் அழகான லோகோ. நிறுவனத்துக்கென்று சொந்த லோகோவோ மோனோகிராமோ எந்த வடிவத்திலும், இணையத்திலும்கூட, கூடாது. சி.ஏ. லோகோவை இன்ஸ்டிட்யூட் சொன்ன அளவிலும் நிறத்திலும் போடலாம். தளத்தின் நிறத்துக்குப் பொருந்தட்டும் என்று அதன் நிறத்தை மாற்றுகிற டிசைனர்கள் இருக்கிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். பெயருக்குக் கீழே 'டாக்ஸ் கன்சல்டன்ட்', 'மேனேஜ்மென்ட் கன்சல்டன்ட்' என்று போடுவதும் ஏழாவது கூறில் மாட்டும். தள முகவரியும் முடிந்தவரை உங்கள் பெயருக்கோ நிறுவனப் பெயருக்கோ நெருக்கமாக இருக்க வேண்டும். 'பெஸ்ட் டாக்ஸ் திருப்பூர்' மாதிரி முகவரி வாங்கிவிட்டு வராதீர்கள்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் பகுதி. இவற்றை யாரும் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். உண்மையில் மாட்டிக்கொள்வது கண்ணுக்குத் தெரியாத பகுதியில். என் முதல் தளம் அப்படித்தான் போனது. பார்ப்பதற்குச் சுத்தமாக இருந்தது: பெயர், தொடங்கிய ஆண்டு, பங்குதாரர் விவரம், அவ்வளவுதான். ஒரு நாள் பழைய நண்பர் ஒருவர் தள முகவரியை வாட்ஸ்அப்பில் கேட்டார். ஒட்டி அனுப்பினேன். லிங்க்குக்குக் கீழே வருமே ஒரு சின்னப் பெட்டி, அதில் 'இந்தியாவின் மிக நம்பகமான கணக்கு நிறுவனம்' என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்து. டெம்ப்ளேட்டோடு வந்த வரி. தளத்தின் எந்தப் பக்கத்திலும் அது கண்ணில் படாது. யாராவது லிங்க்கைப் பகிர்ந்தால் மட்டும் தலை காட்டும். நண்பரும் ஆடிட்டர். 'என்ன சார், பெரிய ஆளாயிட்டீங்க' என்றார். சிரித்தேன், ஆனால் அன்றிரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் உட்கார்ந்து பக்கத்தின் மூலத்தைத் திறந்து பார்த்தால், தலைப்புப் பகுதியில் ஊர் பெயரோடு 'பெஸ்ட் ஆடிட்டர்', 'டாப் சி.ஏ.' என்று ஒரு முழ நீளத்துக்குச் சொற்கள். எஸ்.இ.ஓ. என்ற பெயரில் டிசைனர் எனக்குச் செய்த உபகாரம் அது. காசு கொடுத்து வாங்கிய தொழில்முறைத் தவறு என்றுதான் சொல்ல வேண்டும்.

தேடுபொறியில் இடம்பெறுவது தவறில்லை, அனுமதி இருக்கிறது. ஆனால் தேடும் சொற்கள் 'சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட்', 'இந்தியன் சி.ஏ.' போன்றவையாகவும், அவற்றின் சேர்க்கைகளாகவும் மட்டும் இருக்க வேண்டும். ஊர் பெயரைச் சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். அதைப் பெயர் சொல்லி அனுமதித்ததாக விதியில் இல்லை. முகவரி தளத்தில் வரலாம் என்பதால் ஊர் பெயரைத் தலைப்பில் போடுவது முகவரியின் பகுதி என்று நான் எடுத்துக்கொள்கிறேன். இது என் வாசிப்பு, தீர்ப்பு இல்லை. என் இரண்டாவது தளத்தின் முகப்புப் பக்கத் தலையில் இருப்பது ஏறக்குறைய இவ்வளவுதான். பெயரையும் ஆண்டையும் மட்டும் மாற்றியிருக்கிறேன்:

```html
<title>ABC & Co., Chartered Accountants, Coimbatore</title>
<meta name="description" content="Chartered Accountants. Established 2002.">
<meta property="og:description" content="Chartered Accountants, Coimbatore">
```

நடுவில் இருப்பது தேடல் முடிவில் தெரியக் கூடியது. கடைசி வரிதான் வாட்ஸ்அப் பெட்டிக்குள் போவது. அதை நீங்கள் எழுதாவிட்டால் டெம்ப்ளேட் எழுதியது போகும். டிசைனர் வேலையை ஒப்படைத்ததும் உலாவியில் `Ctrl+U` அடித்து மூலத்தைத் திறந்து, அதில் `best`, `leading`, `trusted`, `No. 1` என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். அப்புறம் `aggregateRating` என்று தேடுங்கள். சில டெம்ப்ளேட்டுகளும் செருகுநிரல்களும் தேடல் முடிவில் ஐந்து நட்சத்திரம் காட்டுவதற்காக இதை உள்ளே வைத்துவிடும். யாரும் தராத மதிப்பெண்ணை நாமே போட்டுக்கொண்ட கதையாகிவிடும். கடைசியாக, லிங்க்கை உங்கள் மனைவிக்கோ தம்பிக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பாருங்கள். இந்த மூன்றையும் செய்யாமல் தளத்தை வெளியே விடாதீர்கள்.

இப்போது உங்கள் உண்மையான கவலைக்கு வருகிறேன். சேவை விவரம் போடலாம். செய்த வேலைகளின் தன்மையையும் போடலாம். உங்களுக்கு அனுபவமுள்ள துறை, ஊழியர்களின் பெயர், பொறுப்பு, அனுபவம், ஆர்ட்டிக்கிள் மாணவர்கள் எத்தனை பேர் என்பதுவரை போடலாம். சேவை, அனுபவம், வேலையின் தன்மை போன்றவற்றுக்கு மட்டும் ஒரு நிபந்தனை: பார்வையாளர் குறிப்பாகக் கேட்டால்தான் தெரிய வேண்டும். 'குறிப்பாகக் கேட்பது' என்றால் என்ன? முகப்பில் எல்லாவற்றையும் விரித்து வைக்கக் கூடாது என்பது நிச்சயம். மெனுவில் 'சேவைகள்' என்பதை அவர் கிளிக் செய்தால் அது கேட்டதாகுமா, இல்லை 'நானாக விரும்பி இந்த விவரத்தைக் கேட்கிறேன்' என்ற பெட்டியில் டிக் வைத்தால்தான் ஆகுமா என்பதில் ஆளுக்கொரு கருத்து. பல நிறுவனங்கள், தளத்தைத் திறந்ததுமே 'இது விளம்பரம் இல்லை, நானாக வந்தேன்' என்று ஒரு பெட்டியைக் காட்டி 'ஒப்புக்கொள்கிறேன்' கிளிக் வாங்கிக்கொள்கின்றன. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. உள்ளே விளம்பரம் இருந்தால் வாசலில் வாங்கிய கிளிக் அதை மாற்றாது. உள்ளே விளம்பரம் இல்லையென்றால் வாசல் பெட்டி தேவையில்லை. பெட்டியை நான் முகப்பில் வைக்கவில்லை. சேவைப் பக்கத்துக்குப் போகும் வழியில் வைத்திருக்கிறேன். ஒரு வரி, ஒரு பொத்தான். பாதுகாப்பான பக்கம் நிற்பதற்காக அப்படி.

அதில் ஒரு நுட்பம் உண்டு, டிசைனர்கள் தவறவிடுவது. பொத்தானை அழுத்தினால்தான் பத்தி விரிகிறது என்று காட்டுவார்கள். ஆனால் எழுத்து முழுவதும் முகப்புப் பக்கத்துக்குள்ளேயே மறைந்து கிடக்கும். மனிதக் கண்ணுக்குத்தான் மறைவு. கூகுள் அதைப் படித்து, தேடல் முடிவில் எடுத்துக் காட்டிவிடலாம். சேவை விவரத்தைத் தனிப் பக்கமாக வைத்து, அந்தப் பக்கத்தின் தலையில் இந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்:

```html
<meta name="robots" content="noindex">
```

கூடவே அதே பக்கத்தை `robots.txt` கோப்பிலும் தடுத்து வைத்தால் இரட்டைப் பூட்டு என்று நினைப்பார்கள். அது தப்பு. தடுத்துவிட்டால் தேடுபொறி அந்தப் பக்கத்தைத் திறக்கவே திறக்காது. திறக்காததால் 'பட்டியலில் சேர்க்காதே' என்ற வரியையும் படிக்காது. வேறு எங்கிருந்தாவது இணைப்பு இருந்தால் முகவரி மட்டும் முடிவில் வந்து நிற்கும். `noindex` ஒன்றே போதும். சேவைப் பக்கத்தைத் தேடலில் இருந்து விலக்கியே ஆக வேண்டும் என்று விதி சொல்லவில்லை. 'கேட்டால்தான் காட்டினேன்' என்று பின்னால் சொல்ல வேண்டி வந்தால் இது கையில் இருக்கட்டும் என்று நான் செய்கிறேன்.

அந்தப் பக்கத்தில் எழுதுவது எப்படி? நம்பிக்கை வருவது இங்கேதான், பெரும்பாலானோர் கோட்டை விடுவதும் இங்கேதான். 'ஜி.எஸ்.டி., வருமான வரி, ஆடிட், ஆலோசனை' என்று நான்கு சொல் போட்டு முடித்துவிடுவார்கள். ஊரில் எல்லா ஆடிட்டர் தளத்திலும் அதே நான்கு சொல். நீங்கள் திருப்பூரில் இருக்கிறீர்கள். பின்னலாடை ஏற்றுமதி செய்பவர் ஒருவர் இரவு பத்து மணிக்கு உங்கள் தளத்தைப் பார்க்கிறார் என்று வையுங்கள். 'ஜி.எஸ்.டி. ரீஃபண்ட் நிபுணர்கள்' என்று இருந்தால் விதியும் மீறினீர்கள், அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அதற்குப் பதில் 'வரி கட்டாமல் எல்.யு.டி.யின்கீழ் ஏற்றுமதி செய்தவர்களுக்குத் தேங்கிய உள்ளீட்டு வரியைத் திரும்பக் கோரும் ஆர்.எஃப்.டி.-01 விண்ணப்பங்கள், குறைபாட்டுக் குறிப்பு வந்தவற்றைச் சரிசெய்து மறுபடி தாக்கல் செய்தல்' என்று இருந்தால், தன் பிரச்சினை இவருக்குத் தெரியும் என்று அவருக்கே புரியும். பெருமைச் சொல் ஒன்றுகூட அதில் கிடையாது. வேலையின் பெயரைச் சரியாகச் சொன்னது மட்டும்தான். விதியை ஒட்டி எழுதினால் எழுத்து வலுவாகிறது என்று எனக்குத் தெரிந்தது இப்படி எழுதிப் பார்த்த பிறகுதான்.

இதில் ஒரு பள்ளமும் இருக்கிறது. பெயர் சொல்லாமலே ஆளைக் காட்டிவிடக் கூடாது. 'நொய்யல் கரையில் உள்ள மிகப் பெரிய சாயப்பட்டறையின் வங்கிக் கடன் மறுசீரமைப்பு' என்று எழுதினால் ஊரில் எல்லோருக்கும் யார் என்று தெரியும், அவருக்குக் கடன் பிரச்சினை இருந்ததும் தெரியும். இது விளம்பர விதியைத் தாண்டி ரகசியக் காப்புக்குள் போய்விடுகிறது. கிளையன்ட் சம்மதமின்றி அவர் விவரத்தை வெளியிடுவது இரண்டாம் அட்டவணைக் குற்றம். வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். 2006 திருத்தம் வகுத்த அளவின்படி, முதல் அட்டவணைக் குற்றத்துக்குக் கண்டிப்பு, மூன்று மாதம் வரை பெயர் நீக்கம், ஒரு லட்சம் வரை அபராதம். இரண்டாம் அட்டவணையில் நிரந்தரப் பெயர் நீக்கம் வரை போகலாம், அபராதம் ஐந்து லட்சம் வரை. எழுதி முடித்ததும், அந்தத் தொழிலில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்து 'இது யார் என்று சொல்ல முடிகிறதா' என்று கேளுங்கள். முடிகிறது என்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

'நம்புங்கள்' என்று நாம் சொல்வதைவிட, வந்தவர் தானே சரிபார்க்க வழி கொடுப்பது மேல். உறுப்பினர் எண்ணையும் நிறுவனப் பதிவு எண்ணையும் முகப்பிலேயே போடுங்கள். தகுதி பெற்ற ஆண்டைப் போடுங்கள். மூன்று வருடம்தானே என்று கூச்சப்பட வேண்டாம். மறைத்தால்தான் சந்தேகம் வரும். பாஸ்போர்ட் அளவுப் படம் அனுமதிக்கப்பட்டதுதான். ஆளுயரப் படம், கைகட்டி நிற்கிற போஸ் எல்லாம் வேண்டாம். பிறகு யு.டி.ஐ.என். நாம் கையெழுத்திடும் சான்றிதழ், ஆடிட் ரிப்போர்ட் ஒவ்வொன்றுக்கும் இந்த 18 இலக்க எண் இருக்கிறது. 'எங்கள் சான்றிதழில் உள்ள எண்ணை udin.icai.org தளத்தில் நீங்களே சரிபார்க்கலாம்' என்று இரண்டு வரி எழுதி இணைப்பு கொடுங்கள். இன்ஸ்டிட்யூட், அரசுத் துறை, ஒழுங்குமுறை அமைப்புகளின் தளங்களுக்கு இணைப்பு தர அனுமதி உண்டு. போலிக் கையெழுத்துச் சான்றிதழ் எத்தனை வங்கிக்குப் போகிறது என்று நமக்குத் தெரியும். வங்கி மேலாளர் ஒருவர் இந்த இரண்டு வரியைப் பார்த்துவிட்டு என்னிடம் போனில் பேசியிருக்கிறார். டெமோவில் இருந்த எந்தப் பாராட்டு வாசகமும் அந்த வேலையைச் செய்திருக்காது.

கட்டுரைகளுக்கும் இடம் உண்டு. தொழில் சார்ந்த கட்டுரை, புதிய அறிவிப்புகள் எல்லாம் தளத்தில் வைக்கலாம். ஆனால் மாதம் பத்துச் சுற்றறிக்கையைக் காப்பி அடித்துப் போடுகிறவர்களைப் பார்த்து நீங்களும் இறங்காதீர்கள். வருடத்துக்கு மூன்று எழுதினால் போதும், உங்கள் ஊருக்கு உரியதாக. 2024 மார்ச்சில் திருப்பூரே பதறியது நினைவிருக்கும். 1961 வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவு. குறு, சிறு நிறுவனத்திடம் வாங்கியதற்கு எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில், இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் பணம் தராவிட்டால், உண்மையில் தரும் வருடத்தில்தான் செலவாகக் கழிக்க முடியும். அதை ஒரு பில்லை வைத்து விளக்கலாம். பிப்ரவரி 20ல் ஜாப் ஒர்க் பில் 4 லட்சம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஒப்பந்தம் எதுவும் இல்லை. பணம் போனது ஏப்ரல் 10ல். 15 நாள் மார்ச் 6ல் முடிந்துவிட்டது. ஆக அந்த 4 லட்சம் 2023-24 கணக்கில் கழியாது, அடுத்த வருடம்தான். இதே பில்லுக்கு 45 நாள் ஒப்பந்தம் எழுத்தில் இருந்திருந்தால் கெடு ஏப்ரல் 5. ஏப்ரல் 10 அதையும் தாண்டிவிட்டது, முடிவு அதேதான். ஏப்ரல் 3ல் கொடுத்திருந்தால் 2023-24லேயே கழிந்திருக்கும். இப்படி ஒரு கணக்கைப் பிசகாமல் எழுதியிருப்பவரிடம் தன் கணக்கைக் கொடுக்கலாம் என்று வாசிக்கிறவர் தானாக நினைப்பார். கட்டுரையின் அடியில் 'தொடர்புக்கு உடனே அழையுங்கள்' மட்டும் வேண்டாம். அந்த ஒரு வரி கட்டுரையை விளம்பர நோட்டீஸாக்கிவிடும்.

கட்டுரை போட்டால் அதைப் பராமரிக்கவும் வேண்டும். தளம் எந்தத் தேதிவரை புதுப்பிக்கப்பட்டது என்று குறிப்பிட வேண்டும். 2024 ஜூலை பட்ஜெட்டில் புதிய வரி முறையில் நிலைக்கழிவு 50,000த்தில் இருந்து 75,000 ஆனது. இன்றும் 50,000 என்று காட்டிக்கொண்டிருக்கும் ஆடிட்டர் தளங்களை நானே பார்க்கிறேன். அந்தப் பக்கம் இல்லாமலே இருந்தால் அவர்களுக்கு மரியாதை மிஞ்சியிருக்கும்.

யூடியூப் வீடியோ பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அங்கேதான் வருவீர்கள். கல்வி நோக்கில் வீடியோ போடலாம். அதில் உங்கள் நிறுவனத்தைப் பற்றிய குறிப்போ, தொடர்பு எண்ணோ, தள முகவரியோ வரக் கூடாது. ஆகவே தளத்துக்கு ஆள் பிடிக்கும் வழியாக வீடியோவைப் பயன்படுத்த முடியாது. பிளம்பர், எலக்ட்ரீஷியன், கல்யாண மண்டபம் எல்லாம் கிடைக்கும் சேவைத் திரட்டுச் செயலிகளில் பெயரைச் சேர்ப்பதும் கூடாது. அவர்களே போன் செய்து 'இலவசமாகச் சேர்க்கிறோம் சார்' என்பார்கள். மறுத்துவிடுங்கள். கூகுள் வரைபடத்தில் ஆபீஸ் இருப்பது முகவரிதானே என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அங்கே வரும் நட்சத்திரமும் விமர்சனமும் நம் கையில் இல்லை. ஆனால் கிளையன்ட்டிடம் 'ஒரு ரிவ்யூ போடுங்கள்' என்று கேட்பதும், அதை எடுத்துத் தளத்தில் ஒட்டுவதும் நம் கை வேலை. இரண்டையும் நான் செய்வதில்லை. தளத்தைத் திறந்த பத்தாவது வினாடியில் 'ஹலோ! ரிட்டர்ன் போட உதவி வேண்டுமா?' என்று எட்டிப் பார்க்கும் சாட் பெட்டியும், 'அறிவிப்புகளை அனுமதிக்கவும்' என்று கேட்கும் உலாவி அறிவிப்பும் 'புஷ்' என்பதற்கு அகராதியில் போடலாம் போன்ற உதாரணங்கள். வந்தவர் கேட்டால் ஆன்லைனில் ஆலோசனை தரலாம், இலவசமாகவும் தரலாம், கட்டணம் வாங்கியும் தரலாம். கேட்காதவரை நாம் வாய் திறக்கக் கூடாது.

கடைசியாக, தொடர்புப் படிவம். தளம் வழியாக வரும் கிளையன்ட் விஷயங்களுக்கு ரகசியம் காக்க வேண்டிய பொறுப்பு நமக்கு இருக்கிறது. என் பழைய தளத்தில் 'ஃபார்ம் 16 இணைக்கவும்' என்று ஒரு பொத்தான் இருந்தது. தளத்தைக் கழற்றும்போதுதான் தெரிந்தது, சோதனைக்காக டிசைனர் தன் மெயில் முகவரியை அதில் சேர்த்துவிட்டு எடுக்க மறந்திருக்கிறார். இரண்டு வருடமாக வந்த ஒவ்வொரு பான் எண்ணும் சம்பள விவரமும் அவருக்கும் ஒரு நகல் போயிருக்கிறது. அவர் கெட்டவர் இல்லை, அந்த மெயில்களைத் திறந்துகூடப் பார்த்ததில்லை என்றார். இருந்தாலும் இணைத்து அனுப்பிய பதினோரு பேருக்கும் நானே போன் செய்து நடந்ததைச் சொன்னேன். இப்போது என் படிவத்தில் பெயர், தொலைபேசி எண், 'என்ன விஷயம்' என்று மூன்றே கட்டங்கள், கோப்பு இணைக்க வழி இல்லை. உங்கள் டிசைனரிடம் படிவத்தின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லி, மெயில் யார் யாருக்குப் போகிறது என்று உங்கள் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.